ஒன்பது முகம், ஒன்பது மாஸ்க்

தாத்தாவின் சதாபிஷேகத்தன்று திண்ணையில் வைத்து ஒரு குடும்பப் படம் எடுத்தேன். முன்வரிசையில் இரண்டு நாற்காலி. தாத்தா, பாட்டி, பாட்டி மடியில் என் 4 வயது மகள். பின்னால் நின்றவர்கள் ஆறு பேர்: பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, அத்தை, மாமா. பிள்ளையைச் சிரிக்க வைக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று மனைவி கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். செல்போன் படம்தான், 4000 பிக்சல் அகலம், 3000 உயரம். இதை வாட்டர்கலர் ஓவியமாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில் என்பதால், சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஒன்பது பேரையும் கையால் வரைய நேரமில்லை. படம் உருவாக்கும் ஏஐ மென்பொருளிடம் கொடுத்தேன். வந்த ஓவியம் தூரத்தில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருந்தது. கிட்டே போனால் தொல்லை. நாற்பது வருடமாக மீசையே வைக்காத மாமாவுக்கு முறுக்கு மீசை முளைத்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் மீசை பாதியாகக் குறைந்திருந்தது. பாட்டியின் இரண்டு மூக்குத்தியும் காணோம், கூடவே பாதிச் சுருக்கங்களும் காணோம். தாத்தாவின் நெற்றியில் இருந்த விபூதிப் பட்டை தலைமுடியோடு கலந்து போயிருந்தது. எல்லோருடைய நிறமும் ஒரு சுற்று வெளுத்திருந்தது. அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “புடவையெல்லாம் நம்ம புடவைதான். உள்ள இருக்கிறது யாருப்பா?” என்றாள்.

2025 மார்ச்சில் ஊரே தன் குடும்பப் படத்தை ஜப்பானிய கார்ட்டூன் பாணிக்கு மாற்றிப் பகிர்ந்தது நினைவிருக்கும். தனி ஆள் படங்களில் ஓரளவு ஜாடை தெரிந்தது. பத்துப் பேர் நிற்கும் படங்களில் சட்டையையும் நின்ற இடத்தையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இது மென்பொருளின் அலட்சியம் இல்லை, இட நெருக்கடி.

நான் பயன்படுத்துவது 2023 ஜூலையில் வெளிவந்த எஸ்டிஎக்ஸ்எல் என்ற மாடல். சுமாராக 1024 பிக்சல் அளவுள்ள படத்தில் வேலை செய்யப் பழக்கப்பட்டது. ஆகவே 4000 பிக்சல் படத்தை முதலில் 1152-க்கு 864 என்று சுருக்கிக் கொடுத்தேன். மாடல் அந்தப் படத்தின் மேல் நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் இன்னும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, 144-க்கு 108 கட்டம் கொண்ட ஒரு உள்படமாக்கிக்கொள்கிறது. அந்தக் கட்டங்களில்தான் வேலை முழுவதும் நடக்கிறது. முடிந்ததும் மறுபடி விரித்துத் தருகிறது.

இப்போது அத்தையின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தில் அது 260 பிக்சல் அகலம். முதல் சுருக்கத்தில் 75 பிக்சல் ஆகிறது. உள்படத்தில் ஒன்பது கட்டம். ஒரு கண் முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், அதற்குக் கிடைப்பது இரண்டே கட்டம். மூக்குத்திக்கு ஒன்று கூட முழுதாகக் கிடைக்காது. கோலப்புள்ளி ஒன்பதுக்குள் ஒருவர் முகத்தை ஜாடை மாறாமல் போடச் சொன்னால் நம்மால் முடியுமா? மாடல் அந்த இடத்தில் தனக்குப் பழகிய ஒரு பொது முகத்தை வைத்துவிடுகிறது. அந்தப் பொது முகத்துக்கு வயது குறைவு, சுருக்கம் இல்லை, பெரும்பாலும் நிறமும் வெளுப்பு. அது பார்த்துப் பழகிய படங்கள் அப்படி.

மீசை தாவியதற்குக் காரணம் வேறு. நாம் எழுதிக்கொடுக்கும் வர்ணனை, படத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் போய்ச் சேராது. ஒவ்வொரு கட்டமும் எல்லாச் சொற்களையும் பார்த்து, தனக்கு எது பொருந்தும் என்று தானே முடிவு செய்கிறது. ‘முறுக்கு மீசை’ என்று நான் எழுதியது பெரியப்பாவுக்காக. மாமா முகத்தின் கட்டங்களும் அந்தச் சொல்லைப் படித்தன. ஆண் முகம், மூக்குக்குக் கீழே இடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டன.

முதல் காரணத்துக்கு மருந்து முகங்களைப் பெரிதாக்கி வரைவது. இரண்டாவதற்கு மருந்து ஆளுக்கு ஆள் எல்லை போடுவது. இரண்டையும் இணைப்பதுதான் மாஸ்க். மாஸ்க் என்பது படத்தின் அதே அளவில் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் மாற்றலாம், கறுப்பு இருக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது பேருக்கும் ஒன்பது மாஸ்க் தேவை. முன்பெல்லாம் போட்டோஷாப்பில் ஓரம் பிடித்து வெட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மெட்டா நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ வந்தபின், ஆளின் மேல் ஒரு சொடுக்கு போட்டால் பெரும்பாலும் உருவம் முழுக்கப் பிரிந்து வந்துவிடுகிறது. எனக்குப் பின்வரிசை ஆறு பேரும் பத்து நிமிடத்தில் முடிந்தார்கள். முன்வரிசை மூவர் மட்டும் ஒரு மாலையைத் தின்றார்கள்.

சிக்கல் அம்மாவின் கையில் இருந்தது. அம்மா பாட்டியின் வலது தோளில் கை வைத்து நிற்கிறாள். மென்பொருள் அந்தக் கையைப் பாட்டியின் உருவத்தோடு சேர்த்துக்கொண்டது. சுற்றிலும் பாட்டியின் புடவை இருப்பதால் அதுவும் பாட்டிதான் என்று நினைத்திருக்க வேண்டும். அப்படியே விட்டுப் பார்த்தேன். நாலு விரலும் புடவைக் கரையின் ஜரிகைக் கோடுகளாக மாறி வந்தன. பிறகு அந்தக் கையை மட்டும் பாட்டி மாஸ்க்கிலிருந்து கழித்து, அம்மாவின் மாஸ்க்கில் சேர்த்தேன். ஒரு மாஸ்க் ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அம்மாவின் மாஸ்க் இப்போது இரண்டு தீவு: பின்னால் உடம்பு, முன்னால் கை. மகளின் விஷயத்தில் தலைகீழ். அவளைப் பாட்டியிடமிருந்து பிரித்தாக வேண்டும், ஆனால் அவள் வயிற்றைச் சுற்றியிருக்கும் கை பாட்டியுடையது. முடிந்தபின் ஒன்பது மாஸ்க்கையும் ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்து மூலப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். நிறம் இல்லாத ஓட்டை தெரிந்தால் அது யாருக்கும் சொந்தமில்லாத இடம். இரண்டு நிறம் கலந்து தெரிந்தால் அங்கே இரண்டு பேர் சண்டை போடப் போகிறார்கள்.

மாஸ்க் தயாரானதும் முழுப் படத்துக்கும் ஒரு முதல் சுற்று. இதில் முகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. திண்ணை, தூண், புடவை மடிப்பு, நிழல் எல்லாம் ஒரே கையால் வரைந்ததுபோல் ஆனால் போதும். ஆட்கள் இடம் மாறாமல் பிடித்து வைப்பது கண்ட்ரோல்நெட். ஸ்டான்ஃபோர்டில் ல்வ்மின் ஜாங்கும் சக ஆய்வாளர்களும் 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. மூலப் படத்திலிருந்து கோட்டோவியம் ஒன்றை எடுத்து, இந்தக் கோட்டை விட்டு விலகாதே என்று மாடலைக் கட்டிப்போடும். உடம்பின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துத் தரும் வகையும் இதில் உண்டு. ஆனால் மடியில் பிள்ளை, தோளில் கை என்று பின்னிக் கிடக்கும் குடும்பப் படத்தில் யாருடைய முழங்கை யாருக்கு என்று அது குழம்பிவிடும். எனக்குக் கோடும், எது முன்னால் எது பின்னால் என்று காட்டும் ஆழப்படமும் சேர்ந்தே சரியாக வந்தன.

பாணிக்கு மாதிரியாக, நான் முன்பு வரைந்த ஒரு வாட்டர்கலர் படத்தைக் கொடுத்தேன். டென்சென்ட் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஐபி அடாப்டர் என்ற இணைப்பு, சொல்லுக்குப் பதில் படத்தையே மாதிரியாக எடுத்துக்கொள்ளும். முதலில் நான் கொடுத்தது ஒரு சந்தைக் காட்சி. அதில் காய் விற்கும் கிழவி ஒருத்தி இருந்தாள்; அவள் மூக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கு வந்து சேர்ந்தது. ஆளே இல்லாத ஒரு படித்துறைப் படத்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான் தீர்ந்தது.

இந்த அடாப்டரிலேயே முகத்துக்கென்று தனி வகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரின் புகைப்படத்தையும் கொடுத்து, கூடவே அவரவர் மாஸ்க்கையும் கொடுத்தால், இந்த முகம் இந்த எல்லைக்குள் மட்டும் என்று வேலை செய்யும். இரண்டு மூன்று பேர், முகம் பெரிதாக உள்ள படம் என்றால் இதுவே போதும், முதல் சுற்றிலேயே ஜாடை வந்துவிடும். ஒன்பது பேருக்கு அது பலிக்கவில்லை. மீசை தாவுவது நின்றது, நிஜம்தான். முகம் வரவில்லை. யார் எங்கே என்று முகவரி சரியாகக் கொடுத்தும், வந்து இறங்க ஒன்பது கட்டம்தானே இருக்கிறது. (ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த முக வகை நம்பியிருக்கும் இன்சைட்ஃபேஸ் மாடல்கள் வணிகம் அல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. காசு வாங்கிச் செய்து கொடுப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடுவது நல்லது.)

ஆகவே இரண்டாம் சுற்று, ஆளுக்கு ஒருவராக. முதல் சுற்றில் வந்த படத்தை இரண்டு மடங்காக்கி 2304 பிக்சல் அகலத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு அத்தையின் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம். அதை மூலப் புகைப்படத்திலிருந்து வெட்ட வேண்டும். முதல் சுற்றுப் படத்தில் அத்தையே இல்லை, அங்கிருந்து வெட்டி என்ன பயன்? 450 பிக்சல் சதுரமாக வெட்டி 1024-க்குப் பெரிதாக்கினேன். முகத்துக்கு இப்போது 74 கட்டம். வந்தது அத்தையேதான். இடது புருவத்துக்கு மேலே உள்ள தழும்பு உட்பட.

ஆனால் திரும்ப ஒட்டியதும் கண்ணை உறுத்தியது. புடவையும் தூணும் பட்டைத் தூரிகையில் ஓடியிருக்க, முகம் மட்டும் ஒற்றை மயிர்த் தூரிகையில் வரைந்த நுண்ணோவியமாக உட்கார்ந்திருந்தது. திருவிழாவில் கட் அவுட்டுக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாக முகத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வோமே, அதே மாதிரி. யோசித்தால் காரணம் எளிது. பெரிதாக வரைந்த முகத்தை நாலில் ஒரு பங்காகச் சுருக்கி ஒட்டுகிறோம். தூரிகைக் கோடும் நாலில் ஒரு பங்காகத்தானே மெலியும்? அதனால் சதுரத்தைப் பெரிதாக்கி, தலையிலிருந்து மார்பு வரை 900 பிக்சலுக்கு வெட்டினேன். முகத்துக்கு 37 கட்டம் கிடைத்தது. ஜாடைக்கு அது போதும். ஒட்டும்போது சுருங்குவதும் பாதி அளவுக்குத்தான். கோட்டின் கனம் புடவையோடு சேர்ந்துகொண்டது.

மாஸ்க் தன் கூலியை வாங்குவது இங்கேதான். 900 பிக்சல் சதுரத்துக்குள் அத்தை மட்டும் இல்லை; மாமாவின் தோளும் அம்மாவின் பாதி முகமும் உண்டு. அத்தையின் மாஸ்க்கைப் போட்டதால் அவர்கள் இருவரும் தொடப்படாமல் நின்றார்கள். `ComfyUI`-இல் இதற்கான பெட்டியின் பெயர் `Set Latent Noise Mask`. ஒரு நெளிவு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உள்படம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது மாஸ்க்கும் கூடவே சுருங்குகிறது. ஜிமிக்கி, மல்லிகைச் சரம், கலைந்த முடி போன்ற மெல்லிய ஓரங்கள் அதில் படிக்கட்டாகிவிடும். ஆகவே வரைவதற்கு மாஸ்க்கைப் பதினைந்து இருபது பிக்சல் வெளியே தள்ளி, ஓரத்தை மங்கலாக்கிக் கொடுத்தேன். வரைந்து முடித்து ஒட்டும்போது, பழைய கூர்மையான மாஸ்க்கை லேசாக மட்டும் மங்கலாக்கிப் பயன்படுத்தினேன். ஒட்டும் வரிசையும் முக்கியம்: பின்வரிசை முதலில், பாட்டியும் தாத்தாவும் பிறகு, மகள் கடைசியில்.

வர்ணனையும் ஆளுக்கு ஆள் மாறும். முதல் பாதி எல்லோருக்கும் ஒன்று, இரண்டாம் பாதி அவரவருக்கு. பாட்டிக்கு எழுதியது இவ்வளவுதான்:

```
watercolor painting, broad brush strokes, paper texture,
80 year old South Indian woman, dark brown skin,
deep wrinkles, nose studs on both sides
```

அழகு, வசீகரம் என்ற பொருளில் எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் வயது இறங்கும், நிறம் வெளுக்கும். நிறத்தைக் கண்ணால் மட்டும் நம்பவும் இல்லை. மூல முகத்தையும் வரைந்த முகத்தையும் நன்றாக மங்கலாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணும் மூக்கும் கரைந்து இரண்டு நிறத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அப்போது வெளுப்பு பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் திருகு `denoise`. சுழியம் என்றால் புகைப்படம் அப்படியே, 1 என்றால் புகைப்படத்தின் சுவடே இல்லை. ஒரே எண்ணை எல்லோருக்கும் வைத்தது என் இன்னொரு தவறு. பாட்டிக்கு 0.4-ஐத் தாண்டினால் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பெரியம்மாவுக்கு 0.35-இல் ஓவியமே ஆகவில்லை, புகைப்படத்தில் ஃபில்டர் போட்டதுபோல் நின்றது, 0.5-இல் சரியானது. மகளுக்கு வேறு கதை. எண் சரியாக இருந்தும் அவள் முகம் முப்பது வயதுக்காரியுடையதாக வந்தது. தேடிப் பார்த்ததில் குற்றவாளி கோட்டோவியம். கன்னத்தில் விழுந்த நிழலையும் மூக்கோரத்து மடிப்பையும் அது கோடாக எடுத்திருந்தது. குழந்தை முகத்தில் கோடு கூடினால் வயது கூடும்; கார்ட்டூன் வரைபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கு அன்று உறைக்கவில்லை. அவளுக்கு மட்டும் கோட்டின் பிடியைப் பாதியாகத் தளர்த்தினேன். கன்னம் திரும்பி வந்தது.

இடம் மாறவில்லை என்று சரிபார்ப்பது சுலபம். புகைப்படத்தையும் ஓவியத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றித் தட்டினால், நகர்ந்த கண் துள்ளும். ஜாடையைச் சரிபார்ப்பதுதான் கடினம். முகங்களை எண்களாக்கி ஒப்பிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை புகைப்படங்களைப் பார்த்துப் பழகியவை. ஓவியம் என்றால் எல்லோருக்கும் மதிப்பெண் குறையும். ஒரே ஆளுக்கு வந்த இரண்டு முயற்சிகளில் எது தேவலை என்று கேட்க மட்டும் உதவும். எனக்கு அதைவிட நல்ல ஆள் இருந்தார். எங்கள் தெருவுக்கு இருபது வருடமாகப் பால் ஊற்றும் அண்ணன்.

ஒன்பது முகத்தையும் கழுத்துக்கு மேல் மட்டும் வெட்டி, தனித்தனி அட்டையாக அச்செடுத்து, கலைத்துக் கொடுத்தேன். புடவையும் நின்ற இடமும் தெரிந்தால் மூளை ஜாடையை இட்டு நிரப்பிக்கொள்ளும், அதனால்தான் அட்டை. அண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இது பாட்டியம்மா. இது பாப்பா. இது உங்க அத்தை, சண்டைக்கு வர்ற மாதிரியே பாக்குறாங்க.” ஏழு சரி. அப்பாவையும் பெரியப்பாவையும் மட்டும் மாற்றிச் சொன்னார்.

உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் தம்பி, ஜாடை இயல்பிலேயே ஒன்று. புகைப்படத்தில் அப்பாவுக்கு ஒரு கண் இமை லேசாகத் தாழ்ந்திருக்கும், வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மாடல் இரண்டையும் நேராக்கிவிட்டது. கோணலை எல்லாம் நிமிர்த்துவது அதற்கு சுபாவம். அந்தக் கோணலில்தான் அப்பா இருந்தார். கண்களுக்கும் வாய்க்கும் மட்டும் ஒரு சின்ன மாஸ்க் போட்டு, `denoise` எண்ணை 0.3-க்கு இறக்கி, கோட்டின் பிடியை இறுக்கி மறுபடி ஓட்டினேன். இமை இறங்கியது. மறுநாள் காலை அண்ணன் சரியாகச் சொன்னார், ‘நேத்து படம் தப்பு’ என்று ஒரு விமர்சனத்தோடு.

கடைசி வரை வழிக்கு வராதவர் தாத்தா. அவருடைய மூக்குக் கண்ணாடியில் திண்ணைக்கு எதிரே இருந்த பந்தல் வெளிச்சம் விழுந்து, இரண்டு சில்லும் வெள்ளையாகிக் கிடந்தன. பின்னால் கண் இருப்பதற்கான தகவலே புகைப்படத்தில் இல்லை. எண்ணைக் கூட்டினால் யாரோ ஒருவரின் கண்ணைக் கொண்டுவந்து வைத்தது. குறைத்தால் வெள்ளை அப்படியே நின்றது. நாலு விதமான மாஸ்க் போட்டும் பலனில்லை. இல்லாததை மாஸ்க் எங்கிருந்து கொண்டுவரும்? பழைய ஆல்பத்திலிருந்து அவருடைய அறுபதாம் கல்யாணப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு கண்ணை மட்டும் கையால் வரைந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று.